அப்பாவின் கம்யூட்டேஷன் பணம்: ஆப்ஷனா, அஞ்சலகமா?

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. பாவம், நடுவில் அம்மாதான் போனை வாங்கி "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்து வைக்கிறாள். அதனால் எழுதுகிறேன். போன மாதம் கோவில்பட்டி வந்திருந்தபோது உங்கள் ஒப்பந்தக் குறிப்புகளை, அதாவது புரோக்கர் தினமும் மின்னஞ்சலில் அனுப்பும் அந்த கான்ட்ராக்ட் நோட்டுகளை, பார்க்கக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. கொடுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தில் புலம்பல்தான் இருந்திருக்கும். இப்போது கணக்கு இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் புலம்பலைவிட அது எடுபடும் என்று நம்புகிறேன்.

முதலில் இது எந்தப் பணம் என்பதைப் பேசிவிடலாம். நீங்கள் இதை "சும்மா கிடக்கிற பணம்" என்கிறீர்கள். 2022-இல் ஓய்வு பெற்றபோது உங்கள் அடிப்படை ஓய்வூதியம் 36,000. அதில் மூன்றில் ஒரு பங்கை, மாதம் 12,000 ரூபாயை, கம்யூட்டேஷனாக விட்டுக்கொடுத்தீர்கள். கையில் வந்தது 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, கொஞ்சம் சேர்த்து 12 ஆக்கினீர்கள். அந்த 12,000 உங்கள் ஓய்வூதியத்தில் மறுபடி சேர 15 வருடம் ஆகும். 2037-இல், உங்களுக்கு 75 வயதாகும்போது. ஆக இது சும்மா கிடந்த பணம் இல்லை. அதுவரை மாதாமாதம் வந்திருக்க வேண்டிய பென்ஷன், முன்கூட்டியே மொத்தமாக வந்திருக்கிறது. இதை வைத்து என்ன செய்தாலும் அதை அந்த 12,000-த்தின் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சரி, உங்கள் முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதல் வழி, இப்போது செய்வது போல நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்பதையே தொடர்வது.

2024 ஏப்ரலில் 12 லட்சத்தோடு தொடங்கினீர்கள். 2025 மார்ச் 31 அன்று கணக்கில் இருந்தது 9.66 லட்சம். நட்டம் 2.34 லட்சம். இதை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், "கத்துக்கறதுக்குக் கொடுத்த ஃபீஸ்" என்றும் சொன்னீர்கள். ஆனால் அந்த 2.34 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? சந்தையில் தவறாகக் கணித்ததால் போனது 1.48 லட்சம். மீதி 86,000 ரூபாய் செலவு மட்டும். உங்கள் கணிப்பு சரியோ தப்போ, அந்தப் பணம் போயே தீரும்.

அதெப்படி அவ்வளவு என்று கேட்பீர்கள், உங்கள் ஆப் ஒரு ஆர்டருக்கு இருபது ரூபாய்தானே என்பீர்கள். 2025-இல் இருந்த விதிப்படி, நிஃப்டி ஆப்ஷன் ஒரு லாட், 75 எண்ணிக்கை, 100 ரூபாய் பிரீமியத்தில், அதாவது ஆப்ஷனின் விலையில், வாங்குகிறீர்கள் என்று வைப்போம். போட்டது 7,500. பத்து நிமிடத்தில் 104-க்கு விற்கிறீர்கள், வந்தது 7,800. ஆப்பில் பச்சையாக 300 என்று தெரிகிறது. வாங்க இருபது, விற்க இருபது, புரோக்கரேஜ் 40 ரூபாய். விற்ற பிரீமியத்தில் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, அப்போது 0.1 சதவீதம், 7 ரூபாய் 80 காசு. சந்தைக் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து ரூபாய் சொச்சம். புரோக்கரேஜுக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி, எட்டு ரூபாய். முத்திரைத் தீர்வை சில காசுகள். எல்லாம் கூட்டினால் 61 ரூபாய். 300 என்று பார்த்தது 239 ஆகிறது. அதே நான்கு ரூபாய் எதிர்ப்பக்கம் போயிருந்தால் நட்டம் 300 இல்லை, 361.

இப்போது நீங்கள் வகுப்பில் கொடுப்பது போல ஒரு கணக்கு. பத்து தடவை இப்படி வாங்கி விற்று, ஆறு தடவை ஜெயித்து நான்கு தடவை தோற்றால் என்ன மிஞ்சும்? ஆறு 239, 1,434. நான்கு 361, 1,444. பத்துக்கு ஆறு சரியாகக் கணித்தும் பத்து ரூபாய் நட்டம். போன நிதியாண்டில் நீங்கள் வாங்கி விற்றது 1,412 தடவை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், இரண்டு ராத்திரி ஆனது. தடவைக்கு 61 வைத்துப் பெருக்குங்கள், அந்த 86,000 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

ஏப்ரலிலிருந்து "பதினோராயிரம் பிளஸ்ஸில் இருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அந்தப் பதினோராயிரம் ஆப்பின் பொசிஷன் பக்கத்தில் காட்டும் எண்களைக் கூட்டியது. அது செலவு கழிக்காத எண். இந்த நான்கு மாத கான்ட்ராக்ட் நோட்டுகளில் செலவு 28,500. ஆக பிளஸ் இல்லை, 17,500 மைனஸ். கணக்கில் இப்போது உள்ளது 9.48 லட்சம். பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திரை காட்டியதை நம்பினீர்கள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வரும் கான்ட்ராக்ட் நோட்டின் கடைசி வரியில் இருக்கும் நிகரத் தொகைதான் நிஜம். அதை ஒருநாள்கூட நீங்கள் திறக்கவில்லை என்று மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லாம் படிக்காத கணக்கிலேயே இருந்தன.

இன்னொன்று, வியாழக்கிழமைகள். உங்கள் பெரிய நட்டங்களில் பாதிக்கு மேல் அப்போது வாராந்தர எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் காலாவதியாகும் நாளாக இருந்த வியாழனில்தான் விழுந்திருக்கின்றன. மார்ச்சில் ஒரு வியாழன் காலை 60 ரூபாய்க்கு இரண்டு லாட் கால், அதாவது சந்தை ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன், வாங்கியிருக்கிறீர்கள். நிஃப்டி அன்று பெரிதாக எங்கும் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அதை 18-க்கு விற்றிருக்கிறீர்கள். 6,300 ரூபாய் போயிற்று. சந்தை உங்களுக்கு எதிராகப் போகவே இல்லை, நேரம்தான் போனது. எக்ஸ்பைரி நாளில் பிரீமியம் என்பது வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி. வாங்கியவர் சரியான திசையைச் சொன்னால் மட்டும் போதாது, அது சீக்கிரம் நடக்கவும் வேண்டும். "வியாழக்கிழமை பிரீமியம் மலிவா கிடைக்குது" என்று நீங்கள் சொன்னது உண்மைதான், மலிவாகக் கிடைத்ததற்கான காரணம் இதுதான்.

இது உங்கள் கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளுக்கு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வில், எஃப் அண்ட் ஓ என்ற ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அந்தப் பக்கம் லாபம் எடுத்தவர்கள் யார் என்றால், புரோக்கர் நிறுவனங்களின் சொந்தக் கணக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். அவர்கள் லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல் மூலம் நடந்த வியாபாரத்தில் வந்தது. டீக்கடை ராமையா மாமாவோடு நீங்கள் போட்டி போட்டால் நான் உங்கள் பக்கம் பந்தயம் கட்டுவேன். எதிரில் இருப்பது அவர் இல்லை.

இரண்டாவது வழி நீங்களே சொன்னது: ஆப்ஷன் வாங்குவதை விட்டுவிட்டு விற்பது. வாங்குகிறவனுக்குப் பிரீமியம் கரைகிறது என்றால் விற்கிறவனுக்கு அதுதானே வருமானம் என்றீர்கள். தர்க்கம் சரி. பெரும்பாலான வாரம் அப்படித்தான் நடக்கும், அதுதான் ஆபத்தும். 2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள் நினைவிருக்கிறதா? முந்தைய நாள் கருத்துக் கணிப்பை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் ஒரே நாளில் 1,379 புள்ளி விழுந்தது. அப்போது லாட் 25. அது 75 ஆன பிறகு அதே சரிவு வந்திருந்தால், பாதுகாப்புக்கு வேறு ஆப்ஷன் வாங்காமல், சந்தை இறங்கினால் விலை ஏறும் புட் ஆப்ஷனை விற்றவருக்கு ஒரு லாட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம். வாங்குகிறவர் போட்ட பிரீமியத்தோடு நின்றுவிடுவார். விற்கிறவருக்கு அந்த எல்லை கிடையாது. இந்த வழியை நான் முதல் வழியைவிட மோசமாக வைக்கிறேன்.

மூன்றாவது, ஆப்ஷனை விட்டுவிட்டு பங்குகளில் மட்டும் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது. செபி இதையும் ஆராய்ந்திருக்கிறது. 2022-23 நிதியாண்டில் பத்தில் ஏழு பேர் நட்டம். அதில் ஒரு செய்தி உங்களுக்குச் சாதகமானது, நீங்கள் எடுத்துக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 76 சதவீதம் பேர் தோற்றபோது அறுபதைத் தாண்டியவர்களில் தோற்றவர்கள் 53 சதவீதம்தான். பெரியவர்கள் நிதானம். ஆனால் அதே ஆய்வில், வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் 80 சதவீதம் பேர் நட்டம். வயதால் நீங்கள் ஒரு கூட்டத்தில் இருக்கிறீர்கள், 1,412 என்ற எண்ணால் இன்னொரு கூட்டத்தில். நிதானமான அறுபது வயதுக்காரர் ஒரு நாளைக்கு ஆறு தடவை வாங்கி விற்க மாட்டார் அப்பா.

வரி பற்றி ஒரு சின்ன விஷயம். பென்ஷன் வருமான வரியில் சம்பளத் தலைப்பில் வருகிறது. எஃப் அண்ட் ஓ நட்டம் தொழில் நட்டம், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடு தேதிக்குள் ஐடிஆர்-3 படிவம் தாக்கல் செய்தால் எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் பின்னால் வரும் தொழில் லாபத்தில் மட்டும்தான் கழியும். அதைத் தாக்கல் செய்து தருகிறேன். ஆனால் "அந்த நட்டத்தைப் பயன்படுத்தவாவது இனி லாபம் பார்க்கணுமே" என்று மட்டும் நினைக்க வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு எப்படியும் வரி பூஜ்யம். கழிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கழிவை வைத்து என்ன செய்வது?

நான்காவது வழிதான் நான் கேட்பது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உண்டு. இப்போது வட்டி 8.2 சதவீதம். அறுபதைத் தாண்டியவர் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், உச்சவரம்பு 30 லட்சம். சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது, இடையில் அரசு குறைத்தாலும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி தொடக்கத்தில் வட்டி கணக்கில் விழும்.

12 லட்சத்தையும் அப்போதே இதில் போட்டிருந்தால் வருடம் 98,400, காலாண்டுக்கு 24,600. மாதக் கணக்கில் 8,200. விட்டுக்கொடுத்த 12,000-த்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திரும்பி வந்திருக்கும், முதலும் அப்படியே இருந்திருக்கும். இந்த 98,400-ஐயும் மேலே சொன்ன 86,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் வருடம் முழுக்கக் கட்டணமாகக் கட்டியது, அஞ்சலகம் உங்களுக்குக் கொடுத்திருக்கக்கூடிய வட்டிக்கு ஏறக்குறைய சமம். இப்போது உள்ள 9.48 லட்சத்தில் அந்த 86,000 என்பது ஒன்பது சதவீதம். அதாவது வருடத்துக்கு ஒன்பது சதவீதம் சம்பாதித்தால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பணம் ஐந்து வருடம் கட்டிப்போடப்படும். எடுக்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் போட்ட தொகையில் 1.5 சதவீதம், அதற்குப் பின் ஒரு சதவீதம் பிடித்தம். அப்புறம், வட்டி ஏறாது. இன்றைக்கு வரும் அதே தொகைதான் ஐந்தாவது வருடமும், விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும். இதுதான் நீங்கள் எப்போதும் சொல்லும் வாதம், "வட்டி விலைவாசிக்கே காணாது". மற்ற வீடுகளில் அது சரியான வாதம். நம் வீட்டில் உங்கள் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி இருக்கிறது. அதுவும் கம்யூட்டேஷனுக்கு முந்தைய முழு 36,000-த்துக்குக் கணக்கிடப்படுகிறது. விலைவாசியைத் துரத்தும் வேலையை அது செய்கிறது. அந்த வசதி இல்லாத தனியார் நிறுவனத்து ஓய்வாளர் பங்குச் சந்தைப் பக்கம் பார்ப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

மற்ற இரண்டை வேகமாகச் சொல்கிறேன். அஞ்சலக மாத வருமானத் திட்டம் மாதாமாதம் தரும், ஆனால் 7.4 சதவீதம்தான். ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம் 8.05, ஆனால் ஏழு வருடம், உங்கள் வயதுக்கு ஆறு வருடத்துக்குப் பிறகுதான் இடையில் எடுக்க முடியும். இரண்டும் நல்லவைதான், நமக்கு முதல் தேர்வு இல்லை.

ஆகவே நான் சொல்வது இது. 8 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில், அம்மாவைக் கூட்டுக் கணக்கில் சேர்த்து. காலாண்டுக்கு 16,400 வரும். அம்மா பெயர் இருந்தால் பின்னால் எதுவானாலும் அவள் அந்தக் கணக்கைத் தொடரலாம். ஒரு லட்சம் நம் வங்கியில் வைப்பு நிதியாக, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு. மீதி 48,000 உங்களுடையது. அதைப் பற்றி நானோ அம்மாவோ ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், ஆனால் அது தீர்ந்தால் மேலே ஒரு ரூபாய் சேர்ப்பதில்லை.

அந்த 48,000-த்தை நான் ஏன் விடுகிறேன் என்று அம்மா கேட்டாள். நான் பார்த்ததைச் சொன்னேன். காலை ஒன்பதே காலுக்கு நீங்கள் சட்டை போட்டு, கண்ணாடி துடைத்து, மேஜையில் உட்கார்வது முதல் மணிக்கு வகுப்புக்குப் போவது போலவே இருக்கிறது. மூன்றரைக்கு எழுந்து வரும்போதும் அப்படித்தான். ஓய்வு பெற்ற முதல் வருடம் அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. பணத்தை மட்டும் பிடுங்கிவிட்டு அந்த நேரத்தைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு. புரோக்கர் ஆப்பில் கணக்கு விவரத்தில் செக்மெண்ட் என்ற பகுதியில் எஃப் அண்ட் ஓவை மட்டும் முடக்கி வையுங்கள். பங்கு வாங்கும் வசதி அப்படியே இருக்கும். அப்புறம் உங்கள் நீல அட்டை நோட்டில், எந்த நேரத்தில் எதை எந்த விலைக்கு வாங்கியிருப்பீர்கள், எப்போது விற்றிருப்பீர்கள் என்று தினமும் எழுதுங்கள், பணம் போடாமல். எழுதிய பின் திருத்தக் கூடாது, உங்கள் மாணவர்களுக்குச் சொன்ன அதே விதி. ஒவ்வொரு தடவைக்கும் 61 ரூபாய் கழியுங்கள். தீபாவளிக்கு நான் வரும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம். கூட்டல் என்னைத் தோற்கடித்தால் உங்கள் 48,000-த்தை என்ன செய்வது என்று அப்போது பேசுவோம். எட்டு லட்சத்தை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்க வேண்டாம். தலைமை அஞ்சலகத்துக்குக் காசோலை, ஆதார், பான், இரண்டு புகைப்படம் போதும். அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், பத்து மணிக்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது. அம்மாவையும் கையெழுத்துக்குத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்தவள்